7/8-இல் கால் எங்கே விழுகிறது

தோ பாயோ,
ஞாயிறு காலை

அன்புள்ள கவின்,

நீ அனுப்பிய ஒத்திகைப் பதிவை நாலு தடவை கேட்டேன். பாட்டு 7/8 என்கிறாய், அதாவது ஏழு அட்சரத்துக்கு ஒரு ஆவர்த்தனம், ஒரு தாளச் சுற்று. முதல் ஆவர்த்தனம் சரியாக இருக்கிறது. இரண்டாவது தொடங்கும்போதே டிரம்ஸ் ஒரு பக்கம், உன் பேஸ் கிட்டார் ஒரு பக்கம். டிரம்ஸ் வாசிக்கும் பிள்ளை மேல் தப்பில்லை, கண்ணா. ஏழு முடிந்ததும் நீ ஒரு அட்சரம் சும்மா நிற்கிறாய், இல்லாத எட்டாவதற்காக.

அதற்குக் காரணம் உன் கால். இரண்டு அட்சரத்துக்கு ஒரு தட்டு என்று சீராகத் தட்டினால் கால் 1, 3, 5, 7-இல் விழும். அடுத்த தட்டு புது ஆவர்த்தனத்தின் 2-இல்தான். அதாவது புது ஆவர்த்தனம் தொடங்கும் நேரத்தில் உன் கால் மேலே இருக்கிறது. உடம்புக்கு அது பிடிப்பதில்லை. கால் தரையைத் தொட்ட பிறகே முதல் சுரத்தை வாசிக்கிறாய். ஏழு எட்டாகிவிடுகிறது. ஒன்று முதல் ஏழு வரை வாய்விட்டு எண்ணினாலும் இந்தப் பழக்கம் போகாது.

எண்ணுவதை விட்டுவிடு. சின்ன வயதில் மிருதங்க வகுப்பில் சொன்ன மிச்ர சாப்பு நினைவிருக்கிறதா? தகிட தக திமி. மூன்று அட்சரத்தில் ஒரு நீளம், இரண்டிரண்டாக இரண்டு குட்டை. 1, 4, 6-இல் தட்டு. ஆவர்த்தனத்துக்கு மூன்றே தட்டு. ஆனால் அவை சம இடைவெளியில் வராது. தியாகராஜரின் ‘நிதி சால சுகமா’வைப் போட்டுவிட்டு, தொடையில் இப்படித் தட்டிக்கொண்டே கேள். சியாமா சாஸ்திரியின் ‘மரிவேரே கதி’யும் இதே தாளம்தான். கிரேக்கர்களின் கலமத்தியானோஸ் நடனத்துக்கும் 3+2+2 தான். நம் காதுக்கு அது அந்நியமாகவே படாது.

ஆனால் உங்கள் பாட்டில் நீளமானது முதலில் வருகிறதா, கடைசியில் வருகிறதா? இதை நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். தாளில் 7/8 என்று மட்டும் எழுதியிருந்தால் தெரியாது. தக திமி தகிட என்று போனால் தட்டு 1, 3, 5-இல் விழும். ஒருவர் அப்படியும் மற்றவர் இப்படியும் வாசித்தால், ஏழு சரியாக இருந்தாலும் பாட்டு நொண்டும்.

இப்படிப் பழகிப் பார். நிமிடத்துக்கு 140 அட்சரம் என்று வைத்துக்கொள். ஒரு ஆவர்த்தனம் சரியாக மூன்று நொடி. மெட்ரோனோமை 70-இல் வை. முதல் ஆவர்த்தனத்தில் அது 1, 3, 5, 7-இலும் அடுத்ததில் 2, 4, 6-இலும் அடிக்கும். தகிட தக திமி என்று தட்டினால் முதல் ஆவர்த்தனத்தில் உன் முதல் தட்டு மட்டும் அதோடு சேரும்; இரண்டாவதில் பின்னிரண்டு தட்டுகளும் சேரும். தக திமி தகிட என்றால் முதல் ஆவர்த்தனத்தில் மூன்றும் சேரும், இரண்டாவதில் ஒன்றுகூடச் சேராது. இரண்டாவது ஆவர்த்தனத்திலும் மூன்றும் சேர்கிறதா? எட்டாவதைச் சேர்த்துவிட்டாய். பிடித்து நிறுத்து, முதலிலிருந்து போ. முதல் வாரம் 140 வேகமாக இருந்தால் 100-க்கு இறக்கு, மெட்ரோனோம் 50-இல் இருக்கட்டும்.

பிங்க் ஃபிலாய்டின் ‘மணி’யைக் கேட்டுத்தான் ஏழைப் பழகுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். 1973-இல் வந்த பாட்டு, பேஸுக்கு அருமையான பாடம். ஆனால் அதை 7/4 என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். அங்கே ஏழும் முழு அடி, சம இடைவெளியில் வருபவை. ஒவ்வொரு அடிக்கும் கால் தட்டலாம், கால் தலைகீழாகாது. பேஸ் வரியில் இரண்டாவது அடி மட்டும்தான் இரண்டாக உடைகிறது. மற்ற ஆறும் அடிக்கு ஒரு சுரம். அதனால் அதில் பழகிய கால் 7/8-க்கு உதவாது.

வேறொன்றுக்கு அது உதவும். சாக்ஸபோன் தனி வரை ஏழாகவே போகிறது. கிட்டார் தனி வரும்போது நாலுக்கு மாறி, பிறகு திரும்பவும் ஏழுக்கு வருகிறது. அந்தத் திரும்பும் இடத்தில் பாட்டை நிறுத்தாமல் கூட வாசித்துப் பார். பீட்டர் கேப்ரியலின் ‘சால்ஸ்பரி ஹில்’லும் ஏழில் நடந்து, பல்லவி முடிவில் மட்டும் நாலுக்குப் போகும். உங்கள் பாட்டின் நடுப்பகுதியிலும் நாலு வருகிறது என்றாயே, அங்கேயும் நீ தடுமாறுவாய். நாலிலிருந்து ஏழுக்கு வரும்போது முதல் ஆவர்த்தனத்தை வாசிக்காமல் வாயால் சொல்லு, அடுத்ததில் பேஸை எடு.

அடுத்த ஒத்திகைக்கு முன்னால் அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வாத்தியமே இல்லாமல் இருவரும் ஐந்து நிமிடம் சேர்ந்து தட்டுங்கள். அதைப் பதிவு செய்து அனுப்பு. பேஸ் சத்தம் இல்லாவிட்டால், யார் தட்டு பிந்துகிறது என்று எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
அம்மா