விட்டுப்போனவங்க யாருன்னு பாக்காம முடிவு சொல்லாதீங்க

மதிப்பிற்குரிய ஆய்வுக்குழு தலைவருக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

உங்க ஆய்வுல மூணு ரவுண்டும் வீடு வீடா போய் ஃபார்ம் நிரப்புனவங்கள்ல நானும் ஒருத்தி. போன வாரம் ரிப்போர்ட்ட படிச்சேன். தாய்மாருக்கு மன அழுத்தம் ரவுண்டுக்கு ரவுண்டு குறையுதுன்னு போட்டிருக்கீங்க, நடுவுல விட்டுப்போனவங்கள பத்தி "தொடர்புகொள்ள இயலவில்லை"ன்னு ஒரே வரி.

முதல் ரவுண்டுல ஒரு பொண்ணு திண்ணையில உக்காந்து பதில் சொல்லும்போதே அழுதுடுச்சு, ஸ்கோரும் ரொம்ப அதிகம். அடுத்த ரவுண்டுல வீட்டுல பூட்டு. காலையில, மதியம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு மூணு தடவை போனேன். வாடகை பாக்கியில ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டாங்கன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, போனும் ஸ்விட்ச் ஆஃப். ஃபார்ம்ல எனக்கு இருந்தது "கிடைக்கவில்லை"ங்கற ஒரே கட்டம். நல்ல வேலை கிடைச்சு பெங்களூர் போனவங்களுக்கும் அதே டிக், இறந்துபோனவங்களுக்கும் அதே டிக், இனிமே வராதீங்கன்னு சொன்னவங்களுக்கும் அதே டிக்.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. 100 பேர்ல 40 பேருக்கு அழுத்தம் இருக்குன்னு வைங்க. 30 பேர் விட்டுப்போறாங்க, அதுல 24 பேர் அந்த 40-ல உள்ளவங்க. மிச்சம் 70 பேர்ல 16 பேருக்குதான் அழுத்தம், அதாவது 23 சதவீதம். ஒருத்தருக்கும் குணமாகல, ஆனா 40 வந்து 23 ஆயிடுச்சு!

நான் கேக்கறது ஒண்ணுதான். விட்டுப்போனவங்களோட முதல் ரவுண்டு பதில் உங்ககிட்டயே இருக்கு. வயசு, படிப்பு, வருமானம், வாடகை வீடா சொந்த வீடா, முதல் ஸ்கோர், இதையெல்லாம் இருந்தவங்களோட பக்கத்துல வச்சு ஒரு அட்டவணை போடுங்க. அதுல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாலும் போதாது, முதல் ரவுண்டுக்கு அப்புறம் வந்த கஷ்டம் அதுல தெரியாதே. அதனால காணாம போனவங்கள்ல கொஞ்ச பேரையாவது தேடிப்பிடிச்சு போன்ல நாலு கேள்வி கேக்கணும்.

அமெரிக்காவுல 1968-ல ஆரம்பிச்ச குடும்ப வருமான ஆய்வுல 1989-க்குள்ள ஏறக்குறைய பாதி பேர் போயிட்டாங்க, அதுலயும் வருமானம் கம்மியானவங்கதான் அதிகம். ஆனா ஒப்பிட்டு பாத்தப்ப பல முடிவுகள் பெருசா மாறலன்னு தெரிஞ்சுது. பாத்துட்டுதான் சொன்னாங்க. நியூசிலாந்து டனீடின் ஆய்வுல 1972-73-ல பிறந்த 1037 பிள்ளைகள்ல உயிரோட இருக்கறவங்கள்ல 94 சதவீதம் பேர் 45 வயசுலயும் வந்தாங்க, வெளிநாட்டுல இருந்தாலும் பயணச்செலவு குழுவோடது. இங்க எங்க பெட்ரோல் காசே ரெண்டு மாசமா வரல, ஃபார்ம் நீளமா இருக்குன்னு சொந்தக்காரங்க நம்பர் எழுதற ரெண்டு வரியையும் எடுத்துட்டீங்க, அந்த ரெண்டு நம்பர் இருந்திருந்தா அந்த பொண்ண நான் கண்டுபிடிச்சிருப்பேன்.

கோவத்துல ஏதாச்சும் அதிகமா எழுதியிருந்தா மன்னிச்சிருங்க. தயவுசெஞ்சு விட்டுப்போனவங்கள ஒப்பிட்டு பாத்துட்டு ரிப்போர்ட்ட திருத்துங்க. எந்த வீட்டுல என்ன காரணம்னு என் நோட்டுல தேதியோட எழுதி வச்சிருக்கேன், கூப்பிட்டா எடுத்துட்டு வரேன்.

இப்படிக்கு,
உங்கள் களப்பணியாளர்