பாகற்காய் பழுத்திருந்தது

அல்சூர், பெங்களூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உத்யான் எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கையே கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த புளிச்சோறு சோலாப்பூரோடு தீர்ந்துவிட்டது. வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, சரிசெய்தாயிற்று. வேறு செய்தி ஒன்றும் இல்லை.

நான் வந்த பிறகு நீ இரண்டு முறை போன் செய்தாய். இரண்டு முறையும் நான் கேட்பதற்கு முன்பே "சாப்பிட்டீர்களா அப்பா" என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். காய்கறியைப் பற்றித்தான். வேறு எதையும் பற்றி இல்லை.

நான் மும்பைக்கு வந்த மறுநாள் நீ ஆபீஸ் போனதும் உன் ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தேன். கோபித்துக்கொள்ளாதே. மண்டியில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதியவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. கொத்தமல்லி ரப்பர் பேண்டோடு பாலிதீன் பைக்குள் கிடந்தது; மேலே பச்சை, நடுவில் கையை வைத்தால் கறுப்புக் கூழ். வெந்தயக்கீரை பழுத்துப்போயிருந்தது. வெண்டைக்காய் வரிகள் கறுத்து வழவழத்தன. ஆனால் கேரட் ஒன்றுகூட இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, முட்டைகோஸ் பாதிதான் இருந்தது. அதைப் பார்த்தவுடனேயே உன் வாரம் எப்படிப் போகிறது என்று புரிந்துவிட்டது.

களைத்து வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான் இது. ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் பை நிறைய வாங்கிவிடுகிறாய். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் கை எதை எடுக்கும்? தோல் சீவி நறுக்கினால் போதும் என்பதைத்தான் எடுக்கும். கீரை என்றால் மண் போக அலச வேண்டும், ஆய வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிறாய். ஆக, இருபது நாள் இருக்கக்கூடிய கேரட் திங்கட்கிழமையே தீர்கிறது. இரண்டு நாள் தாங்காத கீரை வியாழக்கிழமை குப்பைக்குப் போகிறது. கெடுகிற காய்க்குத்தான் வேலையும் அதிகம். அதனால் அதை வேலைநாளுக்குத் தள்ளவே கூடாது.

கலாசிப்பாளையத்தில் பொழுது விடியும்போதே கீரை வண்டியைக் காலி செய்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் அந்தக் கட்டை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உருளைக்கிழங்கு மண்டிக்காரர் அப்போதுதான் காபி குடித்துவிட்டு வருவார். சந்தையே அந்த வரிசையில்தான் நடக்கிறது, வீடு நடக்கக் கூடாதா?

நாம் இரண்டு பேரும் போய் வாங்கிய பையையே எடுத்துக்கொள்வோம். அரைக்கீரை இரண்டு கட்டு, அந்தச் சின்னச் சின்னக் கட்டாக வேரோடும் மணலோடும் விற்கிற சமுத்திர மேத்தி என்கிற வெந்தயக்கீரை, இலையோடு முள்ளங்கி, வெண்டை அரைக் கிலோ, பீர்க்கங்காய் இரண்டு, கத்தரி, பீன்ஸ், தக்காளி ஒரு கிலோ, கேரட், முட்டைகோஸ், சேனை ஒரு துண்டு, பாகற்காய் அரைக் கிலோ.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ரப்பர் பேண்டை அறுப்பது. பறித்த பிறகும் இலைக்கு உயிர் உண்டு, மூச்சு விடும், சூடாகும். இறுக்கிக் கட்டியிருந்தால் அந்தச் சூடும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் நடுவிலிருந்து அழுகும். அதனால்தான் மேலே பச்சையாக இருந்து உன்னை ஏமாற்றியது. பிரித்து, மஞ்சள் இலையையும் நசுங்கியதையும் கிள்ளி எறிந்துவிட்டு, கழுவாமல் செய்தித்தாளில் சுற்றி வை. கழுவாமல். கழுவுவது சமைக்கிற அன்றைக்கு. உன் ஊரில் ஜூலை மாதம் காற்றே ஈரமாக இருக்கிறது. பெங்களூரில் மேடைமேல் வைத்தே சமாளித்துவிடுகிற கொத்தமல்லி அங்கே ஒரு ராத்திரி தாங்காது.

முள்ளங்கி இலையை அப்போதே அறுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் கிழங்கில் உள்ள தண்ணீரை இலை இழுத்துக்கொள்ளும். இரண்டு நாளில் முள்ளங்கி ரப்பர் மாதிரி வளையும். அந்த இலையும் மேத்தியும் ஞாயிறு மதியத்துக்கே. பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்தோமே, நீ இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். பத்து நாளில் அந்த ஒரு வேளைதான் நீ வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது.

அரைக்கீரையை ஞாயிறு மாலையே ஆய்ந்து வைத்துவிட்டால் திங்கட்கிழமை கடைந்துவிடலாம். செவ்வாய் வெண்டை. அதை வாங்கி வந்தவுடன் துணியால் துடைத்து ஈரம் இல்லாமல் துணிப்பையில் போடு. ஈரம் பட்டால் வழவழக்கும், ஃப்ரிட்ஜின் கடுங்குளிர் பட்டால் கறுக்கும். கதவுப் பக்கம் வை, குளிர் குறைவு. பீர்க்கங்காயும் செவ்வாய், தள்ளினால் புதன். அதற்கு மேல் நார்தான் மிஞ்சும். கத்தரியைக் கூடையில் வெளியிலேயே வைத்துப் புதனுக்குள் முடி. குளிரில் அதிக நாள் வைத்தால் மேல்தோலில் குழி விழும், விதை பழுப்பாகும். பீன்ஸ் வியாழன். அதற்குப் பிறகு நீ எவ்வளவு களைத்து வந்தாலும் கேரட்டும் முட்டைகோசும் காத்திருக்கும். நறுக்கிய சேனைத் துண்டு மட்டும் காத்திருக்காது, முழுக் கிழங்குதான் வாரக்கணக்கில் இருக்கும். ஆகவே அது வியாழனைத் தாண்டக் கூடாது. புளி போட்டு வேகவை, இல்லாவிட்டால் அரிக்கும்.

இன்னொன்று. வாடியது வேறு, அழுகியது வேறு. துவண்டு கிடக்கிற கீரையைத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் நிமிர்ந்துவிடும், அது தாகம்தான். கையில் ஒட்டினால், வாடை அடித்தால், யோசிக்காமல் எறி. உன் அம்மா மாதிரி பாதி அறுத்து மீதியைக் குழம்பில் போடாதே.

தக்காளியைத் தனியாக வை. இதை அங்கேயே சொல்ல நினைத்தேன். பழுத்த தக்காளியிலிருந்து ஒருவகை வாயு கிளம்பும். பக்கத்தில் இருக்கிற காயையும் கீரையையும் அது பழுக்க வைத்துவிடும். தூரத்து ஊருக்குப் போகிற பெட்டியில் மண்டிக்காரர்கள் செங்காயாகப் பார்த்துத்தான் அடுக்குவார்கள், ஒரு பழம் இருந்தால் பெட்டியே பழுத்துவிடும் என்று. நான் வந்த அன்று உன் மேடையில் தக்காளிக் கூடைக்குள் மூன்று பாகற்காய் கிடந்தன. மூன்றும் மஞ்சள். ஒன்று நுனியில் பிளந்து, உதடு மாதிரி விரிந்து, உள்ளே விதையெல்லாம் செக்கச் செவேலென்று தெரிந்தது. பச்சையாக வாங்கிய பாகற்காய் அந்த நிலைக்கு வர, தக்காளியோடே கிடந்தாலும் நாலைந்து நாளாவது ஆகும்.

மாப்பிள்ளை முந்தாநாள்தான் டூர் கிளம்பினார் என்று நீ சொன்னாய். சரி.

அந்த வீட்டில் பாகற்காய் யாருக்காக வாங்குவாய் என்று எனக்குத் தெரியும். நீ சின்ன வயதில் அதைக் கண்டால் தட்டையே நகர்த்திவைப்பாய். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் மறுபடியும் அரைக் கிலோ போடச் சொன்னாய். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அரைக் கிலோவும் நான் ரயில் ஏறுகிற அன்று மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்தது.

நீ வேலை பார்த்து, வீட்டுக் கடன் கட்டி, எனக்கும் மாதாமாதம் அனுப்புகிறாய். மண்டியில் பழைய ஆட்களைப் பார்த்தால் என் மகள் மும்பையில் இருக்கிறாள் என்று கேட்காமலே சொல்கிறேன். ஆனால் நான்கு கிலோ காயை வாங்கி இரண்டு கிலோவை எறிகிற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ஒரு ஆளுக்கு வாரத்துக்கு இரண்டரைக் கிலோ போதும். ஒரு ஆளுக்கு வாங்கினால் ஒரு ஆளுக்கு வாங்கு. கீரை ஒரு கட்டு. கழுவாமல் சுற்றி வை.

நீ வாய் திறக்காமல் இருப்பது யாரிடம் கற்றது என்றும் தெரியும். 1996-இல் உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு வாணியம்பாடிக்குப் போனாளே, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று உனக்குச் சொல்லியிருப்போம். பாட்டி நன்றாகத்தான் இருந்தார்கள். மண்டியில் விற்காமல் மிஞ்சியதை, மிதிபட்டதை, பாதி அழுகியதை, ஓசியில் கிடைக்கிறதே என்று தினமும் ராத்திரி பத்து மணிக்கு மூட்டையாகக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டுவேன். காய் வாங்கியே அறியாத குடும்பம் என்று எனக்குப் பெருமை. அவள் உட்கார்ந்து, நல்லது எது கெட்டது எது என்று பிரித்து, விடிவதற்குள் கெட்டுவிடும் என்பதை அப்போதே சமைத்துவிட்டுப் படுப்பாள். ஒருநாள் காய்ச்சலோடு இருந்தாள், நான் ஒரு பெட்டி தக்காளி கொண்டுவந்தேன். இன்றைக்கு முடியாது என்றாள். என்ன பேசினேன் என்று உனக்கு எழுத மாட்டேன். மறுநாள் காலை ரயிலில் போய்விட்டாள்.

நான் போய்க் கூப்பிடவில்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று மண்டியில் இரண்டு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. அடியிலிருந்து தண்ணீர் வடிந்து தரையெல்லாம் ஈ மொய்த்த பிறகும் நான் எடுத்துப் போடவில்லை. அவளாகத்தான் திரும்பி வந்தாள், வந்ததும் தரையைக் கழுவினாள். கீரையை எப்படிச் சுற்றி வைப்பது என்று உனக்கு நான் எழுதுவதெல்லாம் அவள் சொல்லித் தந்தது இல்லை. போன பிறகு அவள் டப்பாக்களைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டது.

உன்னிடம் நான் எதையும் கேட்கப் போவதில்லை. மாப்பிள்ளையிடமும் கேட்கவில்லை, அவர் போன் நம்பர் என்னிடம் இருந்தும். அல்சூர் வீட்டில் பின்னறை காலியாகத்தான் இருக்கிறது, நேற்று ஒட்டடை அடித்தேன்.

வருகிற ஞாயிறு என்ன வாங்கினாய், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று மட்டும் எழுது. மற்றதை நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்
அப்பா