தொட்டியும் சராசரியும்: ஒரு திருத்தம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாத மாணவர் பக்கத்தில் 36 சதுர அடிச் செவ்வகத்துக்கு மிகக் குறைந்த சுற்றளவு எது என்று கேட்டு, நுண்கணிதம் இல்லாமல் விடை கொடுத்திருந்தீர்கள். நல்ல கணக்கு. ஆனால் முடிவில் "இரண்டு உறுப்புகளும் சமமாகும் இடமே சிறுமம்" என்று பொதுவிதி போல ஒரு வரி வந்துவிட்டது. அந்த வரியை நம்பித்தான் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகள் ஒரு தப்பு செய்தார்கள். அதனால் இந்தக் கடிதம்.

நான் இருப்பது தேவிபட்டினத்தில். எங்கள் தெருவில் கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான், குடிக்க விலைக்கு வாங்குகிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் மழைநீர்த் தொட்டி கட்ட நினைத்தார். கொள்ளளவு 108 கன அடி, ஏறக்குறைய 3,000 லிட்டர். சதுர அடித்தளம். உள்ளே தரைக்கும் நான்கு சுவருக்கும் நீர் கசியாத பூச்சு, அதற்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. கொத்தனார் 4 அடிக்கு 4 அடி, உயரம் ஆறே முக்கால் அடி என்றார். பூசும் பரப்பு தரைக்கு 16, சுவர்களுக்கு 108, மொத்தம் 124 சதுர அடி. இதைக் குறைக்க முடியுமா என்று பிள்ளைகளிடம் கேட்டேன்.

அடித்தளப் பக்கம் x என்றால் உயரம் 108/x². நான்கு சுவரும் சேர்ந்து 432/x. ஆகப் பரப்பு x² + 432/x. பிள்ளைகள் இதழில் வந்தபடி x² = 432/x என்று போட்டு x ஏறக்குறைய 7.56, பரப்பு 114 என்றார்கள். 124ஐ விடக் குறைவுதான், ஆனால் அது சிறுமம் இல்லை.

ஏன்? அந்த வரிக்கு அடிப்படை, கூட்டுச் சராசரி, எண்களைப் பெருக்கி மூலம் எடுத்தால் வரும் பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்பது. அது எந்த மிகை எண்களுக்கும் உண்மை. ஆனால் அதிலிருந்து சிறுமம் கிடைக்க வேண்டுமானால் பெருக்குத்தொகை மாறாமல் இருக்க வேண்டும். உங்கள் செவ்வகத்தில் பக்கங்களான x-ஐயும் 36/x-ஐயும் பெருக்கினால் எப்போதும் 36, அதனால் சரியாக வந்தது. இங்கே x²-ஐ 432/x-ஆல் பெருக்கினால் 432x வருகிறது. x நகர்ந்தால் பெருக்குச் சராசரியும் கூடவே நகரும். நகரும் தரையை வைத்துக்கொண்டு இதற்குக் கீழே போகாது என்று சொல்ல முடியாதே.

x ஒழிய வேண்டுமானால், ஒரு x²-க்கு எதிராக இரண்டு 1/x வேண்டும். எனவே சுவர்களை இரண்டிரண்டாகப் பிரிக்கலாம்:

x² + 216/x + 216/x

மூன்றையும் பெருக்கினால் 216 × 216 = 46,656. x இல்லை! அதன் கனமூலம் 36. ஆக மூன்றின் சராசரி 36-க்குக் குறையாது, கூட்டுத்தொகை 108-க்குக் குறையாது. மூன்றும் சமமானால்தான் சரியாக 108 வரும்: x² = 216/x, அதாவது x³ = 216, x = 6. உயரம் 3 அடி. தரை 36, சுவர் 72, கூட்டினால் 108. கொள்ளளவும் பரப்பும் ஒரே எண்ணாக வந்தது நான் எடுத்த அளவின் தற்செயல்தான்.

ஒரு பையன் 108/x, 324/x என்று பிரித்தான். அதிலும் x ஒழிந்துவிடுகிறது, பரப்பு சுமார் 98-க்குக் குறையாது என்று வருகிறது. அது பொய்யில்லை. ஆனால் 108/x-உம் 324/x-உம் ஒருநாளும் சமமாகாது, ஆகவே 98-ஐ எந்தத் தொட்டியும் தொடாது. சமமாகும் x உண்டா என்று பார்த்து, அதைத் திரும்பப் போட்டுப் பரப்பைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் விடை எழுத வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரரின் கொல்லையில் 5 அடி அகலம்தான் இருந்தது. x = 6 அங்கே நுழையாது. 108-க்குக் கீழே போகாது என்பது அப்போதும் உண்மை, ஆனால் அந்த இடத்தில் கிடைக்கும் சிறுமம் எது என்று இந்த முறை தானாகச் சொல்லாது. 4, 4½, 5 என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 6-ஐ நெருங்க நெருங்கப் பரப்பு குறைந்துகொண்டே வந்தது. 5 அடியில் 25 + 86.4, அதாவது 111.4. உயரம் நாலே கால் அடிக்குக் கொஞ்சம் மேலே. அந்த அளவில்தான் இப்போது சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாணவர் பக்கத்தில் "பெருக்குத்தொகை மாறாமல் இருக்கும்போது" என்ற சொற்களை அந்த வரியோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்