அடி வெட்டிய பட்டைகள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இரண்டு பயிற்சி முறைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. அதோடு போட்டிருந்த பட்டை வரைபடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டுரையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. முதல் முறையில் பயின்றவர்களின் சராசரி 76 மதிப்பெண், இரண்டாம் முறையில் பயின்றவர்களுக்கு 79 என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பட்டைகளின் தலையிலும் அதே எண்கள்தான். ஆனால் பட்டைகள் வேறு கதை சொல்கின்றன.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதழைப் புரட்டிக்கொண்டே வந்தவள் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, இரண்டாவது முறையில் படித்தால் நாலு மடங்கு மார்க் வருமா?" என்று கேட்டாள். எண்களைப் பார்த்தாயா என்றேன். "பார்த்தேன், 76, 79. ஆனால் இந்தப் பட்டை இவ்வளவு உயரமாக இருக்கிறதே!" என்றாள். எண்ணைப் படித்த பிறகும் அவள் மனதில் நின்றது பட்டையின் உயரம்தான். கணிதம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படத்தில் செங்குத்து அச்சே போடவில்லை. அளவுகோடுகளும் இல்லை. அப்படியானால் பட்டை எந்த எண்ணிலிருந்து எழும்புகிறது என்று எப்படித் தெரியும்? ஒரு ஸ்கேல் இருந்தால் போதும். இருவரும் அளந்தோம். சின்னப் பட்டை 12 மில்லிமீட்டர், பெரிய பட்டை 48 மில்லிமீட்டர். உயரத்தில் வித்தியாசம் 36 மில்லிமீட்டர், மதிப்பெண்ணில் வித்தியாசம் 3. ஆக, ஒரு மதிப்பெண்ணுக்கு 12 மில்லிமீட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள். சின்னப் பட்டையின் மொத்த உயரமே 12 மில்லிமீட்டர்தானே? அப்படியென்றால் அது ஒரே ஒரு மதிப்பெண்ணைத்தான் காட்டுகிறது. 76இல் ஒன்றைக் கழித்தால் 75. பட்டைகளின் அடி பூஜ்ஜியத்தில் இல்லை, 75இல் இருக்கிறது. கீழே இருந்த 75 மதிப்பெண்ணை இரண்டு பட்டைகளிலிருந்தும் வெட்டிவிட்டு, மிஞ்சிய நுனிகளை மட்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒன்றில் மிஞ்சியது 1, மற்றொன்றில் 4. மகள் சொன்ன நாலு மடங்கு அங்கிருந்துதான் வந்தது. அவள் படத்தைத் தவறாகப் படிக்கவில்லை. படம் சொன்னதைச் சரியாகவே படித்தாள்.

பட்டை வரைபடத்தில் எண்ணைச் சுமப்பது பட்டையின் நீளம். ஒரு பட்டை இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு நீளமாக இருந்தால், அது குறிக்கும் அளவும் இரண்டு மடங்கு என்பதுதான் அந்தப் படத்தின் இலக்கணம். வாசகர் அச்சிலுள்ள எண்களைத் தேடிப் போவதற்கு முன்பே கண் நீளங்களை ஒப்பிட்டு முடித்துவிடுகிறது. அடியை வெட்டிவிட்டால் நீளத்துக்கும் எண்ணுக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது. அப்புறம் அது பட்டை மாதிரி தெரிகிற வேறொன்று.

எவ்வளவு மிகைப்படுத்துகிறது என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்லலாம். எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் 1983இல் இதற்கு ஓர் அளவு கொடுத்தார். படம் காட்டும் மாற்றத்தை, எண்களில் உண்மையாக இருக்கும் மாற்றத்தால் வகுக்க வேண்டும். விடை 1 வந்தால் படம் நேர்மையானது. இதைத் தமிழில் பொய்க்காரணி என்று சொல்லலாம். நம் படத்தில் 12 மில்லிமீட்டர் 48 ஆகிறது, அதாவது 300 சதவீத உயர்வு. உண்மையில் 76க்கு மேல் 3 என்பது 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. வகுத்தால் 76 வருகிறது. வித்தியாசத்தை 76 மடங்கு பெருக்கிக் காட்டியிருக்கிறது உங்கள் படம்.

இதே கணக்கை எழுத்துகளால் போட்டுப் பார்த்தால் ஓர் அழகான விஷயம் கிடைக்கிறது. பெரிய எண் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. சின்ன எண்ணை, சின்ன எண்ணுக்கும் அச்சு தொடங்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் போதும்:

```
76 / (76 - 75) = 76
```

அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கினால் 76ஐ 76ஆல் வகுக்கிறோம், விடை 1. அச்சை 50இல் தொடங்கியிருந்தால் 76ஐ 26ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 3 மடங்கு. அச்சின் தொடக்கம் சின்னப் பட்டையின் தலையை நெருங்க நெருங்க மிகை விறுவிறுவென்று ஏறும். அதனால்தான் ஒரு பட்டை குட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும் படத்தைப் பார்த்தால் முதலில் அதன் அடியைச் சந்தேகப்பட வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வேன்.

உலகம் அறிந்த ஓர் உதாரணமும் உண்டு. 2012இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி இரண்டு பட்டைகளைக் காட்டியது. புஷ் காலத்து வரிச்சலுகைகள் முடிந்துபோனால் உச்ச வருமான வரி விகிதம் 35 சதவீதத்திலிருந்து 39.6 சதவீதமாக உயரும் என்பது செய்தி. அச்சு 34இல் தொடங்கியது. ஆக, ஒரு பட்டைக்கு மிஞ்சியது 1 பங்கு, இன்னொன்றுக்கு 5.6 பங்கு. வரி ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகப்போகிறது என்று கண் சொல்கிறது. உண்மையான உயர்வு சுமார் 13 சதவீதம். மேலே சொன்ன வழியில் வகுத்தால் 35 மடங்கு மிகை. அந்தப் படத்தில் அச்சின் எண்கள் போடப்பட்டுத்தான் இருந்தன. எதையும் மறைக்கவில்லை என்று வாதிடலாம். ஆனால் பார்ப்பவர் எடுத்துச் செல்வது பட்டையின் உயரத்தை.

அச்சின் அடியில் ஒரு நெளிகோடு போட்டு, இங்கே வெட்டியிருக்கிறோம் என்று காட்டிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்படிப்பட்ட படங்கள் எப்படி ஏமாற்றுகின்றன என்று பங்கேற்றவர்களுக்கு முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். விளைவு குறைந்தது, ஆனால் மறையவில்லை. எச்சரித்த பிறகும் அடி வெட்டிய பட்டைகளின் வித்தியாசம் பெரிதாகவே தெரிந்தது. விளக்கமாகச் சொல்லியே தீராததை ஒரு சின்ன நெளிகோடு தீர்த்துவிடுமா?

சரி, 3 மதிப்பெண் என்பது சிறிய விஷயம் இல்லை, பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடுமே என்று உங்கள் வரைகலைப் பிரிவினர் சொல்லலாம். நியாயமான கேள்விதான். ஒரு வித்தியாசம் சிறியதாக இருந்தாலும் முக்கியமானதாக இருக்க முடியும். அப்போது பட்டையை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டு புள்ளிகளாகப் போடுங்கள். புள்ளிக்கு நீளம் கிடையாது, அச்சில் அது நிற்கும் இடம் மட்டுமே உண்டு. அதனால் 70இலிருந்து 80 வரை அச்சு வைத்தாலும் மடங்குக் கணக்கு கண்ணில் விழாது. அல்லது வித்தியாசத்தையே ஒரு பட்டையாக வரைந்து, 3 மதிப்பெண் அதிகம் என்று எழுதிவிடலாம். அந்தப் பட்டை பூஜ்ஜியத்தில் தொடங்கும், பொய்யும் சொல்லாது.

கோட்டு வரைபடத்துக்கும் இதே சலுகை உண்டு. காய்ச்சல்காரரின் உடல்வெப்பத்தை மணிக்கொருமுறை குறித்துக் கோடாக வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 37 டிகிரி செல்சியஸுக்கும் 39க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும். அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் அந்தக் கோடு கிட்டத்தட்ட சமதளமாகக் கிடக்கும், நோயே தெரியாது. அங்கே 35இல் தொடங்குவதுதான் சரி. கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை, தரையிலிருந்து உயரத்தை அல்ல. அதிலும் அச்சை அளவுக்கு மீறி நெருக்கினால் சிறு அசைவும் மலையாகத் தெரியும், ஆகவே எண்கள் தெளிவாக இருக்க வேண்டும். வெப்பநிலையைப் பட்டையாக வரைவதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸ் என்பது 10 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு அல்ல. அதையே ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 68, 50 என்று வரும், இரண்டு மடங்கு எங்கே போயிற்று? பூஜ்ஜியம் என்றால் 'எதுவும் இல்லை' என்று பொருள்படும் அளவுகளுக்குத்தான் பட்டை பொருந்தும்.

யாரோ வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. எக்செல் போன்ற மென்பொருள்களே இதைச் செய்துவிடுகின்றன. எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்ஜியத்துக்கு மேலே தொடங்கிவிடும். நம் 79இல் ஆறில் ஒரு பங்கு 13க்கு மேல். வித்தியாசமோ வெறும் 3. அச்சைத் தேர்ந்தெடுத்து, Format Axis என்பதில் Bounds-க்குக் கீழே Minimum என்ற இடத்தில் 0 என்று எழுதினால் தீர்ந்தது. பக்கம் அச்சுக்குப் போகும் முன் ஒருவர் இதை மட்டும் பார்த்தால் போதும். அச்சை அழித்துவிட்டுப் படத்தை அழகுபடுத்தும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். ஸ்கேல் எடுத்து அளந்து பார்க்கும் வாசகர் எத்தனை பேர் இருப்பார்கள்?

அந்தப் படத்தை வரைபடத் தாளில் என் மகள் திருத்தி வரைந்திருக்கிறாள், இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டாள். ஒரு பட்டை 76 மில்லிமீட்டர், பக்கத்தில் 79 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. அடுத்த இதழில் இதை வெளியிட்டு, பழைய படத்தில் பட்டைகள் 75இலிருந்து தொடங்கின என்று ஒரு வரியும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியை