கொல்லியும் நவரோஜும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழில் வெளிவந்த தேவாரப் பண்கள் பற்றிய கட்டுரையுடன், பண்ணின் பெயருக்கு எதிரே இராகத்தின் பெயரை எழுதி இடையே சமக்குறி இட்ட அட்டவணை ஒன்றும் இடம்பெற்றிருந்தது. எமது மாவட்டங்களில் சங்கீதம் கற்கும் பிள்ளைகள் பரீட்சைக்கு மனனம் செய்வது இத்தகைய அட்டவணைகளையே என்பதால், அந்தச் சமக்குறியைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகின்றேன்.

“செம்பாலை = ஹரிகாம்போதி” என்பதும் “கொல்லி = நவரோஜ்” என்பதும் அங்கே அடுத்தடுத்த வரிகளில் உள்ளன. முன்னது கணக்கினால் பெறப்பட்டது. பின்னது ஓதுவார்களின் வாய்வழி வந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

செம்பாலை என்பது பழந்தமிழிசையின் அடிப்படைச் சுரவரிசை. சிலப்பதிகார உரைவழி நமக்குக் கிடைக்கும் அதன் சுருதி அலகுக் கணக்கின்படி, ஏழு சுரங்களுள் குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 என ஒரு தானத்தில், அதாவது ஒரு ஸ்தாயியில், 22 அலகுகள் உண்டு. ஒவ்வொரு எண்ணையும் அந்தச் சுரத்துக்குக் கீழே உள்ள இடைவெளியாகக் கொண்டால், குரலிலிருந்து உழை 9ஆம் அலகிலும் இளி 13ஆம் அலகிலும் நிற்கும். அதாவது சுத்த மத்திமமும் பஞ்சமமும் அமைந்து, மொத்தத்தில் ஹரிகாம்போதி பிறக்கும். அதே எண்களைச் சுரத்துக்கு மேலே உள்ள இடைவெளியாகக் கொண்டாலோ, இளி 13இலேயே நிற்க, உழை 11ஆம் அலகுக்கு ஏறிப் பிரதிமத்திமமாகிக் கல்யாணி வந்துவிடும். எண்ணும் திசை ஒன்று மாறியதற்கே இராகம் மாறுகிறது. முதல் முறையே இன்று பெரிதும் ஏற்கப்படுவது. எனினும் அது ஒரு கொள்கையின் மேல் நிற்கும் முடிவு என்பதை மாணவர் அறிந்திருத்தல் நலம்.

அக்கொள்கையை ஏற்றபின் எஞ்சியது எளிது. செம்பாலையின் சுரங்களை மாற்றாமல் ஆதார சுரத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு போவதே பண்ணுப்பெயர்த்தல். துத்தத்தை ஆதாரமாகக் கொண்டால் படுமலைப்பாலை, இக்கால நடபைரவி. உழையைக் கொண்டால் அரும்பாலை, சங்கராபரணம். இளியைக் கொண்டால் கோடிப்பாலை, கரகரப்பிரியா. கைக்கிளையில் தொடங்கும் செவ்வழிப்பாலைக்கு மாத்திரம் சுத்த பஞ்சமம் வாய்க்காது. அதனால் அதற்கு நேரான மேளகர்த்தா 72இலும் இல்லை. ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளைத் தொடாமல், வெள்ளைக் கட்டைகளில் ஒவ்வொன்றாகத் தொடங்கி வாசித்துப் பார்த்தால் இவ்வளவும் பத்து நிமிடத்தில் காதுக்குப் பிடிபடும்.

தேவாரப் பண்களின் நிலை இதுவன்று. பதிகங்களின் தலைப்பில் பண்ணின் பெயர் இருக்கிறதே ஒழிய, சுரக்குறிப்பு இல்லை. திருமுறைகள் மீட்கப்பட்டபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அங்கும் ஆதாரம் பாடுபவரின் குரலே.

“மண்ணின் நல்ல வண்ணம்” கொல்லிப் பண்ணில் அமைந்தது. “வேயுறு தோளிபங்கன்” பியந்தைக்காந்தாரம். இரண்டையும் ஓதுவார்கள் பெரும்பாலும் நவரோஜிலேயே பாடுகின்றனர். காந்தாரத்தையும் கொல்லிக்கௌவாணத்தையும் அவ்வாறே. நான்கு பண்கள் ஓர் இராகத்துக்குச் சமமானால் அவை தமக்குள்ளும் சமமாக வேண்டும். அவ்வாறாயின் ஏடுகள் ஏன் அவற்றைப் பிரித்து வைத்தன? வேறுபாடு ஒரு காலத்தில் இருந்து பின்னர் பாடுமுறையில் கரைந்துபோயிற்று என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இதற்கு மறுதலையாக, பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்தில் பாடுகிறோம். நவரோஜின் சுரங்களும் சங்கராபரணத்தின் சுரங்களே. ஆயினும் நவரோஜ் மந்தர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரையே உலவும், மேல் ஷட்ஜத்தைத் தொடாது. அந்த எல்லையை மீறி விரித்துப் பாடும் பிள்ளை, சுரம் ஒன்றுகூடப் பிழைக்காமலே நவரோஜை இழந்துவிடும். ஆரோகண அவரோகணம் மட்டும் எழுதிய அட்டவணை இதைக் காட்டாது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளார், 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில் பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல் எனத் தனித்தனி இயல்களாகவே இவற்றை ஆராய்ந்தார். அவரது ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைப்பது சற்று வியப்பாகவே இருக்கிறது. கட்டுரையாளர் அட்டவணையைத் திருத்தி வெளியிடுவாராயின், பாலைகளையும் தேவாரப் பண்களையும் தனித்தனியே தந்து, பின்னதில் சமக்குறிக்குப் பதிலாக “இன்று பாடப்படும் இராகம்” என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைச் சங்கீத ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.