கேதார்கந்தா போகும் மகளுக்கு, பேக் பற்றியும் முழங்கால் பற்றியும்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பட்டியலை அம்மாவும் நானும் இரண்டு தடவை படித்தோம். மொத்தம் 43 சாமான். அதைவிட, பேக்கை நிறுத்துப் பார்த்தேன், 12.6 கிலோ வருகிறது என்று போனில் சாதாரணமாகச் சொன்னாயே, அதில்தான் எனக்குத் தூக்கம் போய்விட்டது. டிசம்பர் கடைசிக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. அதனால் போனில் பேசி மறப்பதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். உத்தராகண்டில் நீங்கள் ஏறத் தொடங்கும் சாங்க்ரி கிராமம் ஏறக்குறைய 1,950 மீட்டரில் இருக்கிறது. கேதார்கந்தா உச்சி 3,810 மீட்டர். இதை நாலைந்து நாளில் ஏறி இறங்குவதால் ஏற்றம் பெரிய பாரமாகத் தெரியாது. உச்சிக்குப் போகும் நாள்தான் கணக்கே வேறு. விடியற்காலை மூன்று மணி போல இருட்டில் கிளம்பி, பனியில் ஏறி, அன்றைக்கே கீழ் முகாமுக்கு இறங்குவார்கள். இறக்கம் மட்டும் சுமார் 1,000 மீட்டர். உன் அபார்ட்மெண்டில் 12 மாடி, மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால், மொட்டை மாடியிலிருந்து தரைக்கு 28 தடவை இறங்குவதற்குச் சமம். நான் போன வருடம் ஏறும்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் நொண்டியது இறங்கும்போதுதான், அதில் நானும் ஒருவன். முப்பது வருடம் வெள்ளியங்கிரி ஏறிய கால் என்று ஒரு திமிர். பயிற்சியில் எல்லாம் ஏறிப் பழகினேனே ஒழிய, இறங்கிப் பழகவில்லை.

அதனால் உடற்பயிற்சியில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள். தினமும் மாடிப்படி ஏறுகிறேன் என்றாய், சரி. ஆனால் இறங்க லிஃப்டில் வருகிறாய். அதைத் தலைகீழாக மாற்று. அவசரமாக இருந்தால் லிஃப்டில் ஏறு, கட்டாயம் படியில் இறங்கு. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த வேலை அதற்குப் பழக்கமில்லை என்றால் இரண்டாம் மணி நேரத்தில் கால் நடுங்கும், நடுங்கும் கால் வழுக்கும். முதல் இரண்டு வாரம் பேக் இல்லாமல் மூன்று சுற்று போதும். அப்புறம் பேக்கில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டு நான்கு கிலோ. ஆறாவது, ஏழாவது வாரத்தில் நிஜமாகத் தூக்கப்போகும் எடையோடு ஆறேழு சுற்று.

இதோடு வீட்டிலேயே ஒன்று செய். கடைசிப் படியின் விளிம்பில் ஒரு காலில் நில். மற்றக் காலின் குதிகாலை மூன்று எண்ணும் வரை மெதுவாகக் கீழே இறக்கி, தரையைத் தொட்டதும் அதில் பாரம் போடாமல் மேலே வா. ஒரு காலுக்குப் பத்து, மூன்று தடவை. கண்ணாடி முன்னால் செய்தால் நல்லது. நிற்கிற காலின் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று தெரியும், அது பாதத்துக்கு நேராகவே போக வேண்டும். மறுநாள் தொடை வலித்தால் பயப்படாதே, அது தசை வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். முட்டிச் சிப்பியைச் சுற்றிக் குத்துகிற மாதிரி வலித்தாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்.

மூச்சுக்கு வாரம் நான்கு நாள் 5 கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாகப் போ. இப்போது 48 நிமிடம் என்கிறாய். கிளம்புவதற்குள் 38-க்கு வந்தால் எனக்கு நிம்மதி. கடைசி நாலு நாள் ஒன்றும் செய்யாதே, தூங்கு.

ஒன்று சொல்ல வேண்டும். உயரத்தில் வருகிற தலைவலிக்கும் நீ எத்தனை நிமிடத்தில் ஓடுகிறாய் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. நன்றாக ஓடுகிறவர்களுக்கும் வரும். வேகமாக ஏறுவதால் அவர்களுக்கு இன்னும் சீக்கிரமே வரலாம். தலைவலியோடு குமட்டலோ, சாப்பாடு பிடிக்காமையோ, தள்ளாட்டமோ சேர்ந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல். மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு மேலே போகாதே. குறையவில்லை என்றால் மருந்து ஒன்றுதான், கீழே இறங்குவது. இந்த உயரக் கோளாறு வராமல் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத உடம்பு நம் வீட்டில் உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவிடு.

இனி பேக். உன் 43 சாமானையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இது இல்லாவிட்டால் ராத்திரி நனைந்தோ நடுங்கியோ கிடக்க வேண்டி வருமா, அல்லது நடக்க முடியாமல் போகுமா? ஆமாம் என்றால் கட்டாயம். இல்லை என்றால் இஷ்டம்.

கட்டாயத்தில் முதலாவது ஷூ. கணுக்காலை மூடுகிற, தண்ணீர் இறங்காத, அடிப்பாகத்தில் ஆழமான பற்கள் உள்ள டிரெக்கிங் ஷூவாக இருக்கட்டும். இதை இந்த வாரமே வாங்கு. சாயங்காலம் கடைக்குப் போ, பகல் முழுக்க நடந்ததில் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். கனமான சாக்ஸை மாட்டிக்கொண்டு போட்டுப் பார். கயிறு கட்டுவதற்கு முன் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். அந்த இடம் இல்லாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் நுனி ஷூவில் மோதிக்கொண்டே வரும். எனக்குக் கிளம்புகிற வாரத்தில் வாங்கிய ஷூ. கீழே வந்து கழற்றினால் இரண்டு கட்டைவிரல் நகமும் நாவல்பழ நிறம். புது நகம் வர மாதக்கணக்கில் ஆயிற்று. கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். ஷூவைப் போட்டுக்கொண்டு குறைந்தது மூன்று வாரம் நட. ஒரு ஞாயிறு நந்தி மலையில் சுல்தான்பேட்டைப் பக்கத்துப் படிகளில் முழு பேக்கோடு ஏறி இறங்கு, அங்கே ஆயிரத்துக்கும் மேல் படி இருக்கிறது. எங்கே உரசுகிறது, எந்தப் பட்டை தோளை அறுக்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது துணி. உன் பட்டியலில் ஆறு காட்டன் டீ-ஷர்ட், ஒரு ஜீன்ஸ், காட்டன் ஹூடி. ஊரில் நமக்குப் பருத்திதான் சுகம். ஆனால் அங்கே பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு உலரவே உலராது. நடக்கும்வரை தெரியாது. டீ குடிக்க ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் முதுகில் ஈரத்துண்டைப் போட்ட மாதிரி குளிரும். உடம்போடு ஒட்டிச் சீக்கிரம் உலரும் சிந்தெடிக் டீ-ஷர்ட் மூன்று, மேலே மெத்தென்ற ஃபிளீஸ் சட்டை ஒன்று, அதற்கு மேல் பஞ்சு அடைத்த ஜாக்கெட் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத கோட். ராத்திரிக்குத் தனியாக ஒரு ஜோடி தெர்மல். பஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்காதே, நின்றதும் போடு. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர்ந்தால்தான் சரியான உடுப்பு. சாக்ஸில் ஒரு ஜோடி தூங்க மட்டும். கால் எவ்வளவு கெஞ்சினாலும் பகலில் அதைத் தொடாதே.

மீதிக் கட்டாயம் சின்னச் சின்னவை. தலையில் மாட்டும் டார்ச். மூன்று மணி இருட்டில் ஒரு கையில் தடியும் மறு கையில் போனும் வைத்துக்கொண்டு பனியில் ஏற முடியாது. பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், ராத்திரி டார்ச்சையும் போனையும் தூக்கப்பைக்குள் உன்னோடு போட்டுக்கொள். ஓரமும் மூடுகிற கறுப்புக் கண்ணாடி. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைச் சுட்டுவிடும். சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் தடவு. மெல்லிய கையுறை ஒன்று, அதன் மேல் தண்ணீர் புகாதது ஒன்று. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. ஓ.ஆர்.எஸ்., பிளாஸ்டர், உன் மாத்திரைகள். உச்சி நாளில் பாட்டிலைத் தலைகீழாகச் செருகி வை. தண்ணீர் மேலிருந்துதான் உறையும் என்பதால் மூடிப்பக்கம் தண்ணீராகவே இருக்கும்.

அம்மா எழுதச் சொன்னது: நாள் கணக்குப்படி வராது என்றாலும் நாப்கின் கொண்டு போ. பயணத்திலும் குளிரிலும் நாள் முன்னே பின்னே ஆகும். பயன்படுத்தியதைத் திருப்பிக் கொண்டுவர ஜிப் கவரும் வேண்டும்.

தடியை நிறையப் பேர் இஷ்டத்தில் போடுவார்கள். நான் கட்டாயத்தில்தான் போடுவேன். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்காமல் வெள்ளியங்கிரி ஏறி, இறங்கும்போது அடுத்தவர் தடியைக் கடன் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சமதரையில் பிடித்தால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும். இறக்கத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்.

இனி இஷ்டப் பட்டியல். நம் சமையல் தராசில் இங்கே இருப்பதை நிறுத்துப் பார்த்தேன். ஜீன்ஸ் 700 கிராம், ஹூடி 650, இரண்டாவது பவர் பேங்க் 400, ஷாம்பூ லோஷன் வகையறா 600, மூன்று டீ-ஷர்ட் 540, தடிமனான புத்தகம் 350. தூக்கப்பையை அழைத்துப் போகிறவர்களே தருகிறார்கள் என்றால் உன்னுடையது இன்னும் ஒன்றரை கிலோ, கேட்டு உறுதி செய்துகொண்டு விட்டுவிடு. மொத்தம் 4.7 கிலோ குறைகிறது. பேக் 7.9 கிலோவுக்கு வந்துவிடும். பனிக்குக் காலில் மாட்டும் இரும்புப் பற்களும் ஷூ மேல் மூடும் உறையும் யார் தருகிறார்கள் என்பதையும் அதே போனில் கேள். இல்லாவிட்டால் சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும், வாங்காதே. கேமராவை உன் இஷ்டத்துக்கு விடுகிறேன், ஆனால் 1.2 கிலோ உன் தோளில்தான்.

அடுக்கும்போது கனமானதை முதுகை ஒட்டி நடுவில் வை. இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, அப்புறம் தோள்பட்டை. பாரம் இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். பேக்கின் மழை உறையை நம்பாதே, காற்றில் கழன்றுவிடும். உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வை.

என் தடியை நேற்றுக் கூரியரில் அனுப்பிவிட்டேன். நடுப் பூட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பக்கத்துத் திருகை அரைச்சுற்று முடுக்கிவிட்டு, உன் முழு பாரத்தையும் அதன்மேல் சாய்த்துப் பார். சறுக்கினால் சொல், வேறு வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
அப்பா