ஐந்தாண்டுத் திட்டத்தின் முதல் பக்கம் பற்றி நம் கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். திட்ட வரைவைப் படித்தேன். 'உலகத்தரக் கல்வி, முழுமையான ஆளுமை வளர்ச்சி, ஆய்வில் முதன்மை' என்று தொடங்குகிறது தொலைநோக்கு. நம் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்து ஊர்க் கல்லூரியின் பெயரை எழுதினாலும் பொருந்தும். இதெல்லாம் வேண்டாம் என்று எந்தக் கல்லூரியும் எழுதப்போவதில்லை. அதனால்தான் இது வெறும் விருப்பம். பணமும் ஆளும் பற்றாதபோது எந்த வேலை முதலில் என்று சொன்னால்தான் முன்னுரிமை.

நான் முதலில் வைப்பது, சேர்ந்த பிள்ளைகள் படிப்பை முடிப்பதை. என் துறையில் 60 பேர் சேர்ந்த வகுப்பு ஒன்றில், மூன்றாம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் 47 பெயர்கள்தான் இருந்தன. போனவர்களில் பலர் முதலாண்டிலேயே போனவர்கள். ஒருவன் செல்போன் கடை வேலைக்கு, ஒருத்தி கல்யாணத்துக்கு, சிலர் அரியர் சேர்ந்த பயத்தில்.

ஆகவே 'ஆளுமை வளர்ச்சி' வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 'முதலாண்டு மாணவர்கள் படிப்பை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் முதல் வேலை. 2030-ல் முதலாண்டில் சேரும் 100 பேரில் 90 பேராவது இரண்டாம் ஆண்டுக்கு வருவார்கள். தொடர்ந்து ஐந்து நாள் வராதவரின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் அன்றே பேசுவார்.'

அந்த 90 நான் குத்துமதிப்பாகப் போட்டது. கடந்த மூன்று ஆண்டுப் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள். யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதையும் இப்போதே எழுதிவிட வேண்டும். சேர்ந்த சில வாரங்களில் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்து டி.சி. வாங்குகிறவர் நம்மால் போனவர் அல்ல. ஆனால் இதை எழுதிவைக்காவிட்டால், கடைசி வருடம் எண்ணிக்கை இடிக்கும்போது நின்றுபோன எல்லோரையும் அந்தப் பட்டியலில் தள்ளிவிடுவோம். நம்மை நமக்குத் தெரியாதா?

தேர்ச்சி விழுக்காட்டை இலக்காக வைக்க வேண்டாம் என்பேன். அகமதிப்பெண் நம் கையில் இருக்கிறது. அடுத்த பருவமே எல்லோருக்கும் 25-க்கு 24 விழும். தேசியத் தரவரிசையும் வேண்டாம். நாம் நன்றாகச் செய்தாலும் மற்றவர்கள் இன்னும் நன்றாகச் செய்தால் நம் இடம் இறங்கிவிடும்.

இதுபோல மூன்று வாக்குறுதிகள் போதும். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17, அவற்றுக்குள் உள்இலக்குகள் 169. உலகத்துக்கே அது சுமை. நமக்கு ஒரே ஒரு அலுவலக உதவியாளர்.

அப்புறம், கருத்தரங்க மண்டபத்துக்கு ஏ.சி. போட வைத்திருக்கும் தொகையை முதலாண்டு மாணவர்களுக்கான மாலை வகுப்புக்குத் திருப்ப வேண்டியிருக்கும். அதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வரைவு மறுபடி கூட்டத்துக்கு வரும்போது, கூடவே மூன்று ஆண்டுச் சேர்க்கைப் பதிவேடும் மேசையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆசிரியர்களில் ஒருவர்